தவணை தவறியவருக்கு இப்படியா நினைவூட்டல் அனுப்புவது?

நகைச்சீட்டுப் பிரிவு மேலாளருக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குன்னூர் கடையில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதச் சீட்டில் ஜனவரி 8-ம் தேதி சேர்ந்தேன். ஜூன், ஆகஸ்ட் தவணைகளைக் கட்டவில்லை. தேயிலை ஃபேக்டரியில் இலைப் பணம் தள்ளிப் போய்விட்டது. அது என் பாடு, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. புகார் நீங்கள் அனுப்பிய எஸ்.எம்.எஸ். பற்றி.

இரண்டு முறையும் ஓர் எழுத்துகூட மாறாமல் இதுதான் வந்தது: “அன்பு உறுப்பினரே, தங்கள் தவணை நிலுவையில் உள்ளது. உடனே செலுத்தி முதிர்வுச் சலுகைகளைப் பெறுங்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.”

சரி, உடனே செலுத்தச் சொல்கிறார்களே என்று செப்டம்பர் 8-ம் தேதி 15,000 ரூபாயோடு பஸ் ஏறி வந்தால், கவுண்டரில் இருந்த தம்பி பத்து ஐந்நூறு தாளை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார். ஒரு மாதத்துக்கு ஒரு தவணைதானாம், பழைய பாக்கியை வாங்க மாட்டார்களாம். அப்புறம் எதைச் செலுத்தச் சொன்னீர்கள்?

விவரத்தை அவர்தான் சொன்னார். முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் நகை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டப்படி அது டெபாசிட்டாகக் கருதப்படும், அதனால்தான் 11 மாதச் சீட்டு. ஒழுங்காகக் கட்டியிருந்தால் என் கடைசித் தவணை நவம்பர் 8. ஒன்று தவறினால் டிசம்பர் 8, அதுவும் வருஷத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு தவறினால் ஜனவரி 8, அதற்குள் வருஷம் முடிந்துவிடுகிறது. ஆக எனக்குப் பத்துத் தவணைதான், 18 சதவீதம் வரை கிடைக்க வேண்டிய சேதாரத் தள்ளுபடி 9 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 18 சதவீதச் சேதாரம் உள்ள அரைப் பவுன் மோதிரம் எடுத்தால் கிட்டத்தட்ட 360 மில்லி தங்கத்துக்கு நான் கைக்காசு போட வேண்டும்.

ஜூனில் இதைச் சொல்லியிருந்தால் ஆகஸ்டில் கடன் வாங்கியாவது கட்டியிருப்பேன். ஜூன் மாத எஸ்.எம்.எஸ். இப்படி இருந்திருக்க வேண்டும்:

“உங்கள் ஜூன் 8 தவணை ரூ.5,000 வரவில்லை. அதைச் சேர்த்துக் கட்ட முடியாது. சீட்டு ஒரு மாதம் தள்ளி டிசம்பர் 8-ல் முடியும். சேதாரத் தள்ளுபடி 18% அப்படியே கிடைக்கும். இன்னொரு தவணை தவறினால் 9% மட்டுமே. அடுத்த தவணை ஜூலை 8.”

ஆகஸ்டுக்கு வேறு வாசகம்: “இது இரண்டாவது. தள்ளுபடி இனி 9%.” கசப்பாக இருந்தாலும் புரியும்.

சேரும்போது கொடுத்த அட்டையில் “தவணை தவறினால் சலுகை மாறுபடும்” என்று மட்டும்தான் இருக்கிறது, எத்தனை தவறினால் எவ்வளவு என்று இல்லை. அதனால் எனக்கு 18 சதவீதமே தர வேண்டும் என்று கேட்கிறேன். அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
கோத்தகிரி உறுப்பினர்