கால வரிசை கேட்கும் தேர்வாளர்களுக்கு ஒரு நெறியாளரின் மடல்

மதிப்பிற்குரிய ஆய்வேட்டுத் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் ஆய்வேடு போன மாதம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. இரண்டாம் இயலின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "முன்னாய்வுகளைக் கால வரிசைப்படி அமைக்கவும்." காரணம் எதுவும் எழுதப்படவில்லை. இதே வரியை வேறு வேறு கையெழுத்துகளில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதனால் இந்த மடலை ஒருவருக்கு என்று எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

மாணவியின் தலைப்பு எளிமையானது: வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தால் கற்றல் மேம்படுமா? நீங்கள் கேட்டபடியே ஆண்டு வரிசையில் ஒருமுறை அடுக்கிப் பார்த்தோம். 1979இல் கிளாஸும் ஸ்மித்தும் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, சிறிய வகுப்பு நல்லது என்றார்கள். 1986இல் ஹனுஷெக், பள்ளிக்குச் செலவிடும் பணத்துக்கும் வகுப்பின் அளவுக்கும் மாணவர் தேர்ச்சியோடு உறுதியான தொடர்பு தெரியவில்லை என்றார். 1999இல் குரூகர் பயன் உண்டு என்றார். அதே ஆண்டில் ஆங்ரிஸ்டும் லாவியும் அதையே சொன்னார்கள். 2000இல் ஹாக்ஸ்பி பயன் இல்லை என்றார். 2019இல் ஆங்ரிஸ்ட், லாவி குழுவினரே புதிய தரவுகளை வைத்துப் பார்த்துவிட்டுப் பயன் தெரியவில்லை என்றார்கள்.

உண்டு, இல்லை, உண்டு, இல்லை. இதைப் படிப்பவருக்கு என்ன தோன்றும்? அறிஞர்கள் முடிவெடுக்க முடியாமல் தடுமாறுகிறார்கள் என்று தோன்றும். அல்லது கடைசியாக வந்தது "இல்லை" என்பதால் அதுவே தீர்ப்பு என்று தோன்றும். இரண்டுமே தவறு. இந்த இயலில் எழுதப்பட்ட வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தவறான எண்ணத்தை உண்டாக்குவது வரிசைதான்.

இனி அவர் முதலில் எழுதியிருந்த அமைப்பைப் பாருங்கள். சிறிய வகுப்பும் பெரிய வகுப்பும் எப்படி உருவாயின என்பதை வைத்து அவர் ஆய்வுகளைப் பிரித்திருந்தார். முதல் பகுதி, குலுக்கல் முறையில் குழந்தைகளைப் பிரித்த சோதனை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஸ்டார் திட்டத்தில், பள்ளிக்குள்ளேயே சில குழந்தைகள் 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளுக்கும், மற்றவர்கள் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆசிரியர்களும் அப்படியே பிரிக்கப்பட்டார்கள். குரூகர் ஆராய்ந்தது இந்தத் திட்டத்தின் தரவைத்தான். இரண்டாம் பகுதி, விதி ஒன்றால் வகுப்பு திடீரென்று உடைவது. இஸ்ரேலில் அப்போது ஒரு வகுப்புக்கு 40 பேர் என்பது உச்சவரம்பு. நாற்பது பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு. நாற்பத்தொன்றாவது குழந்தை வந்ததும் இருபதும் இருபத்தொன்றுமாக இரண்டு வகுப்புகள். அந்த ஒரு குழந்தையின் வருகையைத்தான் ஆங்ரிஸ்டும் லாவியும் ஆய்வுக் கருவியாக்கினார்கள். மூன்றாம் பகுதி, பிறப்பு எண்ணிக்கை ஏறி இறங்குவதால் ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு தானாகவே பெருத்தும் சிறுத்தும் போவது. கனெக்டிகட் பள்ளிகளில் ஹாக்ஸ்பி எடுத்துக்கொண்டது இதை.

இப்படி வைத்தவுடன் முரண்பாட்டுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. குரூகரும் ஹாக்ஸ்பியும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடை சொல்லவில்லை. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சோதனை. ஆசிரியர்கள் தாங்கள் கவனிக்கப்படுவதை அறிந்திருந்தார்கள். மற்றொன்று, யாரும் சோதனை என்று நினைக்காத இயல்பான ஏற்ற இறக்கம். ஹாக்ஸ்பியே இந்த வேறுபாட்டைச் சுட்டியிருக்கிறார். இங்கிருந்துதான் மாணவியின் சொந்தக் கேள்வி பிறக்கிறது: வகுப்பு சிறிதானபோது ஆசிரியர் கற்பிக்கும் விதம் மாறியதா? ஆண்டு வரிசையில் இந்தக் கேள்வி எழ இடமே இல்லை. குரூகருக்கும் ஹாக்ஸ்பிக்கும் நடுவே வேறொரு நாட்டின் ஆய்வு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுதான் என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது. எந்தத் தேதியின் வரிசை? குரூகரின் கட்டுரை வெளியானது 1999இல். அதில் வரும் குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்தது 1985க்கும் 1989க்கும் இடையில். கலிபோர்னியா தொடக்க வகுப்புகளை இருபது பேராகக் குறைக்கத் தொடங்கியது 1996இல். தகுதியான ஆசிரியர்கள் போதாமல் அந்தத் திட்டம் திணறியது. குரூகரின் ஆய்வை 1999 என்று மட்டும் குறித்தால், டென்னசிக் குழந்தைகள் கலிபோர்னியாத் திட்டத்துக்குப் பின்னால் வந்தவர்கள் போலத் தோன்றும். நடந்தது தலைகீழ். ஆங்ரிஸ்ட், லாவியின் 1999 கட்டுரைக்கும் தரவு 1991, 1992ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. கால வரிசை என்று நாம் கேட்பது பல நேரங்களில் அச்சான வரிசைதான்.

கால வரிசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999ஐயும் 2019ஐயும் பாருங்கள். அதே ஆய்வாளர்கள், அதே நாடு, அதே நாற்பது பேர் விதி. பின்னது முன்னதை மறுபடி சோதிக்கவே எழுதப்பட்டது. புதிய தரவில் சில பள்ளிகள் சேர்க்கை எண்ணிக்கையை வரம்புக்கு அருகே நகர்த்தியிருப்பதையும் அவர்கள் கண்டு, அதற்கு ஈடுசெய்து கணக்கிட்டார்கள். இந்த இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் கதையே புரியாது. அதனால் இரண்டாம் பகுதிக்குள் அவர் ஆண்டு வரிசையைத்தான் பின்பற்றியிருக்கிறார். பின்னால் வந்த ஆய்வு முன்னதால் பிறந்தது என்றால் தேதிக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் உள்ள ஆண்டைப் பென்சிலால் அடித்துவிட்டு, பத்திகளைத் தனித்தனித் தாளில் எடுத்துக் கலைத்துப் போடுவேன். எந்த வரிசையில் படித்தாலும் எதுவும் குலையவில்லை என்றால், அந்த இயலைத் தாங்கிக்கொண்டிருந்தது நாள்காட்டி மட்டுமே. பத்திகளை இணைக்கும் சொற்களும் காட்டிக்கொடுக்கும். "இதைத் தொடர்ந்து", "அடுத்த ஆண்டில்", "மேலும்" என்று மட்டுமே இருந்தால் அங்கே வாதம் இல்லை. "ஆனால் அந்தச் சோதனையில்", "இதற்குக் காரணம்" என்று வந்தால் ஆய்வுகள் ஒன்றோடொன்று பேசுகின்றன.

கருப்பொருள் வாரியாக எழுதியதாலேயே நல்ல மீளாய்வு ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். "உள்நாட்டு ஆய்வுகள்", "வெளிநாட்டு ஆய்வுகள்" என்று இரண்டு பெட்டி செய்து, பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு பத்தி போடுகிறவர்கள் ஏராளம். மேலே சொன்ன சோதனையில் அதுவும் உதிர்ந்துபோகும். அப்படிப்பட்ட இயலைத் திருப்பி அனுப்புங்கள், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது ஓரத்தில் "பகுப்புக்கு அடிப்படை என்ன?" என்று எழுதுங்கள். மாணவர் அதற்கு விடை தேடுவார். "கால வரிசைப்படி அமைக்கவும்" என்றால் ஒரு மாலை நேரம் செலவழித்து, ஆண்டை வைத்துப் பத்திகளை வெட்டி ஒட்டிவிடுவார். என் மாணவியும் முதலில் அதைத்தான் செய்தார்.

இயலை அடுத்த வாரம் மறுபடி அனுப்புகிறோம். பகுதிகள் முன்பு இருந்தபடியே இருக்கும். தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது, கட்டுரை எந்த ஆண்டில் வெளியானது என்ற இரண்டையும் காட்டும் அட்டவணை ஒன்றை இயலின் தொடக்கத்தில் சேர்த்திருக்கிறார். கால வரிசை வேண்டுபவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு நெறியாளர்