மெத்தையில சார்ஜ் போடச் சொன்ன இணைப்புப் பக்கம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல "ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டாலும் பயமில்ல, இப்ப எல்லாத்துலயும் ஆட்டோ கட் இருக்கு"ன்னு ஒரு வரி, பக்கத்துலயே மெத்தையில லேப்டாப்பும் தலையணை மேல பவர் பேங்க்கும் வச்சு ஒரு பொண்ணு சிரிக்கிற படம். ரொம்ப அழகான படம் சார்.

ஆட்டோ கட் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாததில்ல. பேட்டரி செல் 4.2 வோல்ட் கிட்ட வந்தா சார்ஜ் ஏத்துறத நிறுத்தும். மேல போர்வை கிடக்கா, அடியில மெத்தை அமுங்கி காத்துப்போற ஓட்டைய அடைச்சிருக்கான்னு அது பாக்காது. நல்ல ஐட்டத்துல சூட்டைப் பாக்குற சென்சாரும் இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா கீழ விழுந்து அடிபட்ட செல்லுக்குள்ளயே ஷார்ட் ஆனா வெளிய இருக்க சர்க்யூட் எதைக் கட் பண்ணும்? உள்ள சூடு ஏற ஏற அதுவே இன்னும் சூட்டைக் கிளப்பி, கேஸ் பீச்சி, தீப்பிடிக்கும். டைல்ஸ் தரையில இருந்தா அந்த ஐட்டத்தோட போக வாய்ப்பிருக்கு, ஃபோம் மெத்தைன்னா ரூமே போயிடும்.

லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன் சார். "ரொம்ப சுடுது"ன்னு வர்ற மெஷினைத் திறந்தா ஃபேன்ல மெத்தைப் பஞ்சும் தலைமுடியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். டச்பேட் மேல தூக்கிட்டு கிளிக் ஆகலன்னு வருவாங்க, பாத்தா அடியில பேட்டரி உப்பியிருக்கும். உப்புனதை இனி சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்கன்னு சொன்னா, புதுசு விக்கப் பாக்குறேன்னு என்னையே சந்தேகப்படுவாங்க. இனிமே உங்க பேப்பரைக் காட்டியே பேசுவாங்க.

முடிய நேராக்குற ஸ்ட்ரெய்ட்னர் கதை வேற. அதுல பேட்டரி கிடையாது, ஆனா பிளேட் 200 டிகிரி வரைக்கும் சுடும், சாதா மாடல் பலதுல தானா ஆஃப் ஆகுற வசதியே இல்ல. எங்க தெருவுலயே ஒரு வீட்டுல பொண்ணு முடிய நேராக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கட்டில்ல போட்டுட்டு ஓடிருச்சு, சுவிட்ச் ஆன்லயே இருக்கு. கரண்ட் வந்துச்சு. பாட்டி புகை நாத்தம் பிடிச்சு மெயினை அணைச்சதால பெட்ஷீட்டும் மெத்தையில ஒரு சாண் பள்ளமும்தான் போச்சு. கரண்ட் போற நேரத்தைப் பத்தி முன்னாடியே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன், வரல. அந்த வாரம் எட்டு வகை பாயசம் வந்துச்சு, நல்லாருந்துச்சு.

2025 ஜனவரியில தென் கொரியாவுல கிம்ஹே ஏர்போர்ட்ல நின்னுட்டிருந்த ஏர் பூசான் விமானம் எரிஞ்சு போச்சே, பவர் பேங்க்தான்னு சந்தேகப்பட்டாங்களே, அந்தச் செய்தியை எல்லாம் படிக்கிறவங்கதானே உங்க இணைப்பையும் தயாரிக்கிறாங்க?

பெருசா ஒண்ணும் கேக்கல சார். அடுத்த தடவை படம் எடுக்கும்போது லேப்டாப்பை ஒரு மேஜை மேல வைங்க. இந்தக் கடிதத்தைப் போட்டா அந்த உப்புன பேட்டரி விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ் கடைக்காரன், திருச்சி