வராந்தா தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அக்கா

கோலாலம்பூர்,
20 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க முருகன் துணை. இங்கே தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பந்தல் வேலை தொடங்கிவிட்டது. செந்தூலில் எங்கள் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் இப்போதே பால்குடம் வாங்கக் கூட்டம். சென்ற ஞாயிறு தொலைபேசியில் நீங்கள் பீன்ஸ் பாழானதைப் பற்றிச் சொன்னபோது பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் நான் இங்கே பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். உங்கள் பீன்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

நாற்றுப்பண்ணையில் சேர்ந்த இரண்டாம் மாதம், லெட்டூஸ் விதைக்கும் பொறுப்பைத் தவுக்கே என்னிடம் கொடுத்தார். இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். மலைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று நானே பெருமையடித்துக்கொண்டதன் பலன். தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகள் பத்தில், தட்டுக்கு 200 விதை வீதம், காலை ஒன்பது மணிக்கு விதைத்து, நிழல்வலைக்குக் கீழே அடுக்கி, நன்றாகத் தண்ணீர் தெளித்தேன். பக்கத்திலேயே இரண்டு தட்டு வெண்டை. ஐந்தாம் நாள் வெண்டை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. லெட்டூஸில் தட்டுக்கு இருபது, முப்பது முளைதான். விதை மட்டம் என்று கடைக்காரனைத் திட்டினேன்.

தோட்டப்புறத்திலிருந்து வந்து இங்கே பதினைந்து வருடமாக வேலை செய்யும் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பி போன்ற தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து வந்து, மதியம் இரண்டு மணிக்குத் தட்டின் குழியில் செருகினார். 34 டிகிரி. "தம்பி, இந்தச் சூட்டில் அது தூங்கிவிடும்" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். லெட்டூஸ் விதைக்கு 18 முதல் 24 டிகிரிதான் பிடிக்கும். 30 நெருங்கினால் பெரும்பாலான ரகங்கள் முளைக்க மறுக்கும். விதை சாகவில்லை. கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை இளகினால்தான் வேர் வெளியே வரும். சூட்டில் அந்த உறை இளகுவதில்லை. அப்படியே ஈரத்தில் சூடாகவே கிடந்தால் தூக்கம் இன்னும் ஆழமாகும். பிறகு குளிர்ந்த இடத்தில் வைத்தாலும் எழாது. வெண்டைக்கோ அதே 30 டிகிரி அமிர்தம்.

இப்போது மாலை ஆறு மணிக்குத்தான் விதைக்கிறேன். நனைத்த தட்டுகளை 20 டிகிரியில் இருக்கும் குளிர் அறையில் ஒரு நாள் முழுக்க வைக்கிறேன். வெள்ளை வேர் ஊசி முனை அளவு எட்டிப் பார்த்ததும் வெளியே கொண்டுவந்து நிழலில் வைக்கிறேன். வேர் வந்துவிட்டால் அதன்பிறகு சூடு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சென்ற வாரத் தட்டில் 200க்கு 180க்கு மேல் முளைத்தன. விதைக் கடைக்காரனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இனி உங்கள் பீன்ஸ். மார்கழி முதல் வாரத்தில் விதைத்ததில் பாதி அழுகிவிட்டது என்றீர்கள். மிஞ்சியது இரண்டு இலை விட்டு நின்றபோது ஒரே இரவில் கருகியது என்றீர்கள். இவை இரண்டும் வேறு வேறு சங்கதி.

அழுகியது மண்ணின் குளிரால். பீன்ஸுக்கு மண் குறைந்தது 15 டிகிரியாவது இருக்க வேண்டும். அதிலேயே முளைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 25 டிகிரியில் எட்டு நாள் போதும். காய்ந்த பீன்ஸ் விதை முதல் சில மணி நேரத்தில் உறிஞ்சும் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால் அதன் செல்சுவர்களுக்குள் இருக்கும் சவ்வு சிதைந்து, உள்ளே இருக்கும் சர்க்கரை வெளியே கசியும். பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேண்டுமா? தோண்டிப் பார்த்தால் விதை கொழகொழவென்று இருந்திருக்கும். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கிறதே என்று மாமா விதைத்திருப்பார். வெயில் மேல்மண்ணைத்தான் சூடாக்கியிருக்கும். விதை கிடக்கும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் காலை எட்டு மணிக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து 15க்கு மேல் காட்டினால் விதைக்கலாம். அதுவரை அந்த இடத்தில் கேரட் போடுங்கள். அது 10 டிகிரியிலேயே இரண்டரை வாரத்தில் வந்துவிடும்.

கருகியது உறைபனியால். "வராந்தாவில் 4 டிகிரி காட்டியது, எப்படி உறையும்? யாரோ மருந்து தெளித்துவிட்டார்கள்" என்று மாமா சொன்னதாகச் சொன்னீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். வராந்தாவுக்கு மேலே கூரை, பின்னால் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் சுவர், தெர்மாமீட்டரோ ஆள் உயரத்தில். கீழ்ப் பாத்தியில் இலைக்கு மேலே வானம் மட்டும்தான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி ஓடையோரத்தில் தேங்கும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் முதலில் வெள்ளை படிவது இதனால்தான். வராந்தாவில் 4 என்றால் நம் கீழ்ப் பாத்தியில் இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

பனிதானா, நோயா என்று கண்டுபிடிப்பது சுலபம். பனி பட்ட இலை விடிந்ததும் வெந்நீரில் போட்டு எடுத்த கீரையைப் போலக் கண்ணாடியாய், கரும்பச்சையாய் இருக்கும். வெயில் ஏறியதும் துவண்டு, மதியத்துக்குள் கருப்பாகும். பேரிக்காய் மரத்தடியில் இருந்த இரண்டு வரிசை தப்பியது என்று நீங்களே சொன்னீர்கள். மரம் வானத்தை மறைத்தது, செடி பிழைத்தது. மருந்தோ நோயோ மரத்தடி பார்த்து ஒதுங்காது.

அடுத்த முறை வானம் சுத்தமாக, காற்று அசையாமல், மாலையே சில்லென்று இருந்தால், மதியமே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். இலைமேல் ஊற்ற வேண்டாம். சூரியன் இறங்குவதற்கு முன்பே குச்சி நட்டு, அதன்மேல் சாக்கை விரித்து, ஓரங்களைத் தரைவரை இறக்கிவிடுங்கள். இலையில் சாக்கு படக் கூடாது. படும் இடம் கருகும். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் இரண்டு மூன்று டிகிரிதான் மிச்சம் பிடிக்கலாம். அதைவிடக் கடும் பனி என்றால் சாக்கும் காப்பாற்றாது. அதனால் கீழ்ப் பாத்தியில் மாசி கழியும்வரை பீன்ஸ் வேண்டாம்.

இங்கே இரவு பன்னிரண்டு மணிக்கும் 25 டிகிரி. விசிறியில்லாமல் தூங்க முடியவில்லை. பனியைப் பற்றி எழுதும்போதே கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் ஊருக்கு வரும் நண்பரிடம் இரண்டு தெர்மாமீட்டர் கொடுத்தனுப்புகிறேன். கம்பி வைத்தது மண்ணில் செருக. இன்னொன்றைக் கீழ்ப் பாத்தியில் பீன்ஸ் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டி, காலையில் எவ்வளவு காட்டுகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். மாமா அதையும் வராந்தாவில் ஆணி அடித்து மாட்டிவிடுவார். பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி