லாரியும் சோப்பும்

அன்புள்ள கண்ணு,

"லாரி கம்பெனி பங்கு பி.இ. எட்டுதான், சோப்பு கம்பெனிக்கு ஐம்பத்தஞ்சு. அப்போ லாரிதானே மலிவு?" என்று போனில் கேட்டாய். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். பி.இ. என்பது பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு வரும் வருஷ லாபத்தால் வகுத்த எண்.

நாமக்கல்லில் நான் கணக்கு எழுதிய டிரான்ஸ்போர்ட் ஆபீஸை எடுத்துக்கொள். 20 லாரி. வருஷத்துக்கு 2 பழசைத் தள்ளிவிட்டு 2 புதுசு எடுப்பார் முதலாளி. லோடு பத்து சதவீதம் கூடினால் 22 வண்டி வேண்டும். அந்த வருஷம் 4 புதுசு. பத்து சதவீதம் குறைந்தால் 18 போதும்; பழசு ரெண்டும் போகும், புதுசு ஒன்றுகூட வராது. சரக்கு பத்து சதவீதம் ஆடினால், லாரி செய்கிறவனுக்கு ஆர்டர் இரட்டிப்பாகும், இல்லை பூஜ்யமாகும். இதைத்தான் சைக்ளிகல் துறை என்கிறார்கள். புது லாரியைத் தள்ளிப்போடலாம். எஞ்சினைப் பிரித்துக் கட்டி இன்னொரு எஃப்.சி. வாங்கி ஓட்டலாம். டிரைவர் குளிக்கிற சோப்பைத் தள்ளிப்போட முடியுமா? அதுதான் டிஃபென்சிவ்.

2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. பத்து சக்கர லாரிக்கு 25 டன் இருந்தது 28.5 ஆனது. இருக்கிற வண்டியே கூடுதலாக ஏற்றும்போது புது வண்டி எதற்கு? செப்டம்பரில் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் கவிழ்ந்து, ஃபைனான்ஸ்காரர்களும் கையை இறுக்கினார்கள். 2018-19இல் ஏறக்குறைய 3.9 லட்சம் விற்ற நடுத்தர, கனரக வண்டிகள், மறு வருஷம் 2.25 லட்சத்துக்கு இறங்கின. 2019 செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் வேலையில்லை என்று அசோக் லேலண்டே அறிவித்தது.

வேலை இல்லாவிட்டாலும் ஆலைச் செலவு நிற்காது. 100 ரூபாய் விற்பனையில் 60 இரும்பு, டயர். 30 சம்பளம், வட்டி. லாபம் 10 என்று வை. விற்பனை 80 ஆனால் சாமான் செலவு 48 ஆகும், அந்த 30 அப்படியே நிற்கும். லாபம் 2. விற்பனை ஐந்தில் ஒன்று விழ, லாபம் ஐந்தில் நான்கு போய்விட்டது.

இப்போது உன் எட்டுக்கு வா. விலை 80, லாபம் 10, அதனால் எட்டு. லாபம் 2 ஆனபின் விலை பாதியாக, 40 ஆனாலும் பி.இ. 20 காட்டும். பங்கு மலிவான நாளில் விலை அதிகம்போலத் தெரியும், உச்சத்தில் மலிவுபோலத் தெரியும். ஏழெட்டு வருஷ லாபத்தின் சராசரியைப் போட்டுப் பார். அது 5 என்றால் இன்றைய பி.இ. எட்டல்ல, 16.

சோப்பும் சாகாவரம் பெற்றதல்ல. 2020 ஊரடங்கு தொடங்கிய காலாண்டில் இந்துஸ்தான் யூனிலீவர் விற்ற அளவும் குறைந்தது. ஐம்பத்தஞ்சு பி.இ. கொடுத்து வாங்கினால், நல்ல காலத்தில் மற்றவன் பங்கு பறக்க, உன்னுடையது உட்கார்ந்திருக்கும். அதையும் தாங்கவேண்டும்.

போன வாரம் சேலம் ரோட்டில் பாடி கட்டும் பட்டறைப் பக்கம் போனேன். சேஸிஸ் வரிசை ரோட்டு ஓரம்வரை நிற்கிறது. டெலிவரிக்கு ரெண்டு மாசம் என்றார்கள். 2018 ஆரம்பத்திலும் இப்படித்தான் நின்றது.

அப்பா