"ஒரு வயதுக்குப் பிறகு வரவும்" என்று எழுதாதீர்கள்

தமிழ்நாட்டின் பிரசவ வார்டுகளிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. அவள் பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில், ஒரு வயதுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வரவும் என்று எழுதியிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். அதை நம்பி வீட்டுக்கு வந்த நாங்கள் பட்ட பாட்டை உங்களிடம் சொல்ல வேண்டும்.

பிறந்தபோது எடை 2 கிலோ 400 கிராம். மார்பில் போட்டால் நாலு தடவை உறிஞ்சுவாள், தூங்கிவிடுவாள். உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி மறுபடி போட்டால் இன்னும் நாலு தடவை. ஒரு வேளைப் பால் கொடுக்க 50 நிமிடம் ஆகும், அதிலும் பாதி வாயோரமாக வழிந்துவிடும். பார்க்க வந்தவர்கள், "சமத்துக் குழந்தை, அழவே மாட்டேங்குது" என்றார்கள். பசித்தும் அழத் தெம்பில்லாமல் கிடந்தாள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. 12-ஆம் நாள் எடை பார்த்தால் 2 கிலோ 180 கிராம்.

அப்புறம் வேறொரு மருத்துவமனையில், வயதில் மூத்த ஒரு சிஸ்டர் பத்தே நிமிடத்தில் விஷயத்தைப் புரியவைத்தார். இந்தக் குழந்தைகளுக்கு உடல் முழுக்கத் தசை தளர்ந்திருக்கும். உதடு மார்பை இறுகப் பிடிக்காது, கன்னம் உள்வாங்கிவிடும், தாடை நழுவும். நாக்கு பெரிதென்று பலர் நினைக்கிறார்கள். வாய்க்குள் இடம் சிறிது, நாக்கும் தளர்வு, அதனால்தான் வெளியே வருகிறது. இதைச் சொல்லிவிட்டு, அவர் என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். மூன்று விரல்களால் மார்பைக் கீழிருந்து தாங்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் விரிந்து நிற்கும். அந்த வளைவில் குழந்தையின் தாடை உட்காரும், இரண்டு விரலும் இரு கன்னத்தையும் லேசாகத் தாங்கும். அவ்வளவுதான். அன்று முதன்முதலாக அவள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

20 நிமிடத்துக்கு மேல் மார்பில் வைக்க வேண்டாம் என்றார். உறிஞ்சும் வேலையிலேயே அவள் களைத்துப்போகிறாள், குடித்ததைவிடச் செலவழிப்பது அதிகமாகிவிடுகிறது. மீதியைப் பீய்ச்சி எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்த நிலையில் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கில் ஊற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அதை அன்றே நிறுத்தினோம். மூன்றாம் வாரக் கடைசியில்தான் பிறந்த எடையைத் தொட்டாள்.

இன்னொன்றையும் அந்த சிஸ்டர்தான் கவனித்தார். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தது, மூச்சு வேகமாக இருந்தது. உடனே எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தில் சிறிய ஓட்டை இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எக்கோ எடுத்தாக வேண்டும். அதேபோல், பால் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இவர்களில் பலர் இருமுவதே இல்லை. பால் கொடுத்தபின் குரல் தண்ணீரில் ஊறியதுபோலக் கரகரப்பதும், கண் கலங்குவதும், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி பிடிப்பதும்தான் அடையாளம். இதை ஒரு தாய்க்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

உடல் அசைவுக்கு வருகிறேன். தசை தளர்ந்த குழந்தை, படுத்தால் இரண்டு தொடையும் தவளைபோல அகன்று விழும். அப்படியே விட்டால் அகன்ற காலோடுதான் உட்காரும், அப்படியேதான் நிற்கவும் பழகும். எங்கள் பிசியோதெரபிஸ்ட் சீக்கிரம் நடக்கவைப்பதாக வாக்குக் கொடுக்கவே இல்லை. தவறான முறையில் உட்காரவும் நிற்கவும் பழகாமல் காப்பதுதான் தன் வேலை என்றார். அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. சுருட்டிய துண்டை இரு தொடைகளின் வெளிப்புறமும் அணைத்து வைப்பது, விழித்திருக்கும்போது என் நெஞ்சின்மேல் குப்புறப் போடுவது, வாக்கர் வாங்காமல் இருப்பது என்று எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். 11 மாதத்தில் உட்கார்ந்தாள், 26 மாதத்தில் நடந்தாள்.

குளிப்பாட்ட வரும் பாட்டிமார்களைப் பற்றி வார்டிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் கழுத்தை உருவுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறுவதும் இந்தக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. இவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார்களும் தளர்வாக இருக்கலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுக் கஞ்சி தொடங்கியபோது இரண்டு வேலையும் ஒன்றாகச் சேர்ந்தன. அவளால் அப்போது தனியாக உட்கார முடியாது. உடம்பு சரிந்தால் தாடையும் சரிகிறது, நாக்கு கஞ்சியை வெளியே தள்ளுகிறது. இடுப்பையும் முதுகையும் தாங்கிப் பிடித்து, பாதம் எதன்மேலாவது ஊன்றும்படி உட்காரவைத்ததும் பாதி விழுந்த கஞ்சி உள்ளே போனது. கரண்டியை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும், மேலுதடு தானாக இறங்கி வழித்தெடுக்கும். நாம் அவசரப்பட்டு மேலண்ணத்தில் தேய்த்து இழுத்தால் அந்த உதட்டுக்கு வேலையே இல்லாமல் போகும். மிக்சியில் அரைத்ததையே மூன்று வயது வரை ஊட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பயம்தான் காரணம். ஆனால் மெல்லக் கிடைக்காத வாய் எப்படி மெல்லக் கற்கும்?

இப்போது பேச்சு. வாய் பழகிவிட்டால் பேச்சு தானே வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். அது அப்படியில்லை, காது கேட்க வேண்டும். பிறந்தபோது கேட்கும் திறன் பரிசோதனையில் தேறியவள், 14-ஆவது மாதம் மறுபடி பார்த்தபோது இரண்டு நடுச்செவியிலும் நீர் கோத்திருந்தது. வலி இல்லை, சீழ் இல்லை, கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புவாள். "மந்தம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். இவர்களின் செவிக்குழாய் மிகக் குறுகலானது. ஒருமுறை தேறினால் போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே சமயத்தில் கைச்சைகைகளும் கற்றுக்கொடுத்தோம். பால், இன்னும், போதும் என்று மூன்றே மூன்று. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டே கையையும் காட்டுவோம். சைகை பழகினால் பேசமாட்டாள் என்று வீட்டில் பெரிய சண்டை. புரிவது முன்னாலும் பேச்சு பின்னாலும் வரும் குழந்தைக்கு, இடையில் கோபமும் அழுகையும்தான் மொழி. அந்த இடத்தைத்தான் சைகை நிரப்பியது. 22-ஆவது மாதம் "தா" என்றாள். சொல் வரவர அந்தந்தச் சைகையை அவளே விட்டுவிட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். குரோமோசோம் பரிசோதனை முடிவு வர வாரங்கள் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்ததுமே தாய் ஒரு வேளைப் பால் கொடுப்பதை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. அதன் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஒரு வயதுக்குப் பிறகு" என்ற வரிக்குப் பதிலாக, அந்த மையத்துக்குப் போக வேண்டிய தேதியை எழுதுங்கள். பிறந்து இரண்டு வாரத்துக்குள் வரும் தேதியாக இருக்கட்டும். அதன் கீழே எக்கோ, தைராய்டு, காது என்று எழுதி, எது முடிந்தது, எது பாக்கி என்று குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் அம்மா