மின்னஞ்சலில் கணக்கு எண் வேண்டாம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தத் தவணை முடியப் போகிறது. மழைக்கு நடுவிலும் விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது, தமிழ்மொழி வாரத்தில் பிள்ளைகள் பேசியதையும் பாடியதையும் பலர் நேரில் வந்து பார்த்தீர்கள், கோத்தோங் ரோயோங்கில் சிற்றுண்டிச்சாலைச் சுவருக்குப் புதுச் சாயம் அடித்தாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

உதவித்தொகைப் பட்டியலுக்காக உங்கள் விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி நாங்கள்தான் தவணைத் தொடக்கத்தில் எழுதினோம். அப்படிக் கேட்டது எங்கள் தவறு. போன வாரம் கிராணியோடு உட்கார்ந்து, வந்திருந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் அப்பாவின் முழுப் பெயர், பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண், வங்கியின் பெயர், கணக்கு எண், கைப்பேசி எண், கீழே சம்பளச் சீட்டின் படம், கடைசி வரியில் "நன்றி டீச்சர்". நம்பி அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் ஒரு குடும்பத்தின் மொத்தச் சாவிக்கொத்தும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்காக, நம் பெற்றோர் ஒருவருக்கு நடந்ததை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அவர் எங்களுக்குப் பதில் அனுப்பியபோது "Reply all" அழுத்திவிட்டார். நாங்கள் எல்லா முகவரிகளையும் Bcc-இல் போடாமல் To-வில் போட்டிருந்ததால் வகுப்பின் 31 குடும்பங்களுக்கும் அது போய்விட்டது. சில நாள் கழித்து ஓர் ஆள் அழைத்து, பிள்ளையின் பெயர், வகுப்பு, கணக்கின் கடைசி நான்கு இலக்கம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, "உதவித்தொகை உங்கள் கணக்கில் ஏறவில்லை, இந்த இணைப்பில் போய் உறுதி செய்யுங்கள்" என்றிருக்கிறார். பக்கம் வங்கியின் பக்கம் மாதிரியே இருந்ததால் இவரும் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டிவிட்டார். உடனே கைப்பேசியில் வங்கிச் செயலி அனுமதி கேட்டது, தொகை 2,800 ரிங்கிட். பணம் வரவேண்டிய இடத்தில் அனுப்ப ஏன் அனுமதி கேட்கிறது என்று அவருக்கு அந்த நொடியில் உறைத்தது. மறுத்துவிட்டு வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கினார், அப்புறம் மோசடிப் புகாருக்கான 997-க்கும் அழைத்தார். பணம் போகவில்லை.

கவனியுங்கள், கணக்கு எண் மட்டும் கிடைத்தால் அதில் பணம் போடலாமே தவிர எடுக்க முடியாது. அதோடு அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் பிள்ளையின் வகுப்பும் சேர்ந்தால்தான் வினை, ஏனென்றால் அழைப்பவர் பேச்சில் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. விவரம் எந்த இன்பாக்ஸிலிருந்து வெளியே போனது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. உங்கள் Sent-இல் ஒன்று, எங்களிடம் ஒன்று, கிராணியின் கைப்பேசியில் ஒன்று, யாராவது பதில் எழுதினால் அதன் அடியில் மறுபடி ஒன்று. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்க அதிகபட்சம் 30 வினாடிதான் கிடைக்கும்.

ஆகவே இனி இப்படித்தான். கடவுச்சொல், ஏடிஎம் பின், வங்கி அனுப்பும் TAC எண், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றை மின்னஞ்சலிலோ போனிலோ யாருக்கும், எங்களுக்கும்கூட, சொல்லக்கூடாது. நாங்கள் கேட்கவே மாட்டோம், கேட்டால் அது நாங்கள் இல்லை. முழுக் கணக்கு எண், அடையாள அட்டை எண், பிள்ளையின் மைகிட், பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் பள்ளிக்குத் தேவைப்படலாம், ஆனால் மின்னஞ்சலில் எழுதக்கூடாது. படம் எடுத்து இணைத்தால் பரவாயில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது, இன்றைக்குக் கைப்பேசியே படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துவிடுகிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு, "கடைசி நான்கு இலக்கம் இது, பணம் வந்ததா" என்ற கேள்வி, இவற்றைத் தாராளமாக எழுதுங்கள்.

மாற்று வழி எளிதானது. படிவத்தை ஒட்டிய உறையில் போட்டு, காலை 7 முதல் 7.30 வரை வாசலில் நிற்கும் கிராணியிடம் நேரில் கொடுங்கள், பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். நேரில் வர முடியாதவர்கள் கணினியில் Word கோப்பை PDF ஆகச் சேமிக்கும்போது Options-இல் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பலாம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் அலுவலகத்தை அழைத்து வாயால் சொல்லுங்கள். கோப்பின் பெயரும் மின்னஞ்சல் தலைப்பும் பூட்டப்படுவதில்லை, அங்கே எண் எதையும் எழுதாதீர்கள்.

பிள்ளையின் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். நம் பள்ளியில் ஆறு வருடப் பிள்ளைகள்தான், மொத்தமே 2,200 தேதிக்குள் அடங்கிவிடும், கணினி அதைக் கண் மூடித் திறப்பதற்குள் முயன்றுவிடும். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, பினாங்கில் பிறந்தவருக்கு அடுத்த இரண்டு பெரும்பாலும் 07, மிச்சம் நான்குதான். அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால் தேதி தெரிந்தவருக்கு 5,000 முயற்சி போதும். சம்பந்தமே இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

பணம் கேட்கும் மின்னஞ்சலிலும் இதே கவனம் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அதில் இருக்கும் எண்ணை அழைக்காமல் உங்களிடம் முன்பே உள்ள பள்ளி எண்ணை அழையுங்கள். டூயிட்நவ்வில் அனுப்பினால் உறுதி செய்யும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும், அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பிறகும் முழு எண்களோடு வரும் மின்னஞ்சலை அலுவலகம் ஏற்காது, அதை அழித்துவிட்டு உங்களை அழைப்போம். அதனால் உதவித்தொகை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் விதிவிலக்கு கிடையாது. இதே விதி என் ஆசிரியர்களுக்கும் எனக்கும் உண்டு, இனி வகுப்பு மின்னஞ்சல் எல்லாம் Bcc-இல்தான் வரும்.

ஏற்கெனவே வந்த விவரங்களைத் தாளில் பதிந்து அலமாரியில் பூட்டிவிட்டோம், மின்னஞ்சல்களை இன்பாக்ஸிலும் குப்பைத்தொட்டியிலும் அழித்துவிட்டோம். நீங்களும் உங்கள் Sent-இல் அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜிமெயிலில் 30 நாள் அங்கேயே கிடக்கும். அந்த 31 குடும்பங்களில் அழித்துவிட்டதாகச் சொன்னவர்களுக்கு நன்றி, மற்றவர்களும் இன்றே செய்துவிடுங்கள்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து நேராகப் பள்ளி வாசலுக்கு வரும் பெற்றோர் பலர், காலை 7 மணி எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் சரிவராதவர்கள் அலுவலகத்தை அழைத்து உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், உறையை வாங்கிக்கொள்ள நானே இருப்பேன். நடந்ததை மறைக்காமல் எங்களிடம் வந்து சொன்ன அந்தப் பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்