மரக்கன்று நட வரும் நம் தெருவாசிகளுக்குக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் திறந்த மடல்

அன்புள்ள தெருவாசிகளுக்கு,

வணக்கம். வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் தெருக்களில் 24 மரக்கன்றுகள் நட இருக்கிறோம். கன்று கையில் இருக்கும்போது எதற்கு இரண்டு நாள், ஒரே காலையில் முடித்துவிடலாமே என்று பலர் கேட்கிறீர்கள். சனிக்கிழமை வேலை முழுக்கக் குழிக்குத்தான். செட்டிநாட்டில் கன்று பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் குழியில்தான் முடிவாகிறது.

நம் பக்கம் மேலே ஓரடி, ஒன்றரையடிக்குச் சரளை கலந்த செம்மண். அதற்குக் கீழே பல இடங்களில் செம்புறை இறுகிக் கிடக்கும். மழைத் தண்ணீர் மேல்மண்ணில் சட்டென்று இறங்கினாலும் செம்புறையில் வந்து நின்றுவிடும். அந்தப் பாறைக்குள் இரண்டடிக்குக் குழி வெட்டி, எருவும் நல்ல மண்ணும் போட்டுக் கன்றை வைத்தால், அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் வைத்தது போலத்தான். ஐப்பசி அடைமழையில் குழிக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். இலை மஞ்சளாகித் தொங்குவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். காய்ச்சலா அழுகலா என்று அறிய, தண்டிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கம்பியைக் குத்தி எடுத்து மோந்து பாருங்கள். கம்பி நுனியில் சேறு ஒட்டிப் புளித்த வாடை வந்தால் அது அழுகல்.

அழுகாமல் தப்பும் கன்றுக்கும் வேறொரு கேடு உண்டு. கீழே இறங்க வழியில்லாத வேர் குழிச் சுவரைச் சுற்றியே வளரும். மரம் உயர்ந்து தலை கனத்த பிறகு புயல் அடித்தால் நிற்கப் பிடிமானம் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் பக்கத்தையும் கடந்து போனது நினைவிருக்கும்.

ஆகவே சனிக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்குவோம். ஒரு குழிக்கு நால்வர் என்று குழு பிரிப்போம். இருவர் வெட்டும்போது மற்ற இருவர் மண்ணை அள்ளி ஒதுக்க வேண்டும். இந்தச் சரளையில் இரண்டடி நீளம், அகலம், ஆழம் வெட்டவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு குழு இரண்டு குழிக்கு மேல் எடுக்க வேண்டாம். அதனால் நமக்கு 48 பேர் தேவை. மண்வெட்டி பாதி ஆழத்துக்கு மேல் உதவாது. கடப்பாரையும் கூந்தாலமும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கொண்டு வாருங்கள். மேல்மண்ணை ஒரு சாக்கிலும், அடியில் வரும் செம்புறைத் தூளை வேறு சாக்கிலும் கொட்டுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

குழி இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வைத்திருப்போம். அதை ஓரடிகூட நகர்த்தாதீர்கள். குடிநீர்க் குழாய் போகும் தடத்தையும், மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுபோகும் வரத்துக்காலையும் விலக்கித்தான் குறிக்கிறோம். வெட்டிய மண்ணையும் வரத்துக்காலில் கொட்டக் கூடாது. மின்கம்பிக்கு நேர் கீழே பவளமல்லி, நந்தியாவட்டை போன்ற குட்டை வகை மட்டும்தான் வைக்கிறோம்.

குழி வெட்டி முடிந்ததும் அரையடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோம். காய்ந்த மண் முதல் தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மாலை 4 மணிக்கு மீண்டும் ஓரடி உயரத்துக்கு ஊற்றி, ஒரு குச்சியில் தண்ணீர் மட்டத்தைக் குறிப்போம். ஒரு குழிக்கு இரண்டு முறையும் சேர்த்து ஏறத்தாழ 170 லிட்டர். 24 குழிக்கும் ஏறத்தாழ 4,080 லிட்டர். இதற்கு ஒரு டேங்கர் சொல்லியிருக்கிறோம். இரவில் குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவோம். குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

மணிக்கு ஓர் அங்குலம் இறங்கும் குழி ஞாயிறு காலை 6 மணிக்குக் காலியாக இருக்கும். அதில் எந்தக் கன்றையும் வைக்கலாம். வேம்பு வைக்கக் குறித்த ஒரு குழியில் காலையில் இன்னும் 7 அங்குலம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 மணி நேரத்தில் 5 அங்குலம்தான் இறங்கியிருக்கிறது. தண்ணீர் தேங்குவதை வேம்பு தாங்காது. தண்ணீரை இறைத்துவிட்டு, குழியின் அடியில் நான்கு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் ஓரடிக்குக் குத்தித் துளை போட வேண்டும். கடப்பாரை சட்டென்று இளகிய மண்ணில் இறங்கினால் செம்புறையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். துளைகளில் ஆற்றுமணலைப் போட்டுவிட்டு மறுபடி ஓரடி தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஓர் அங்குலம் இறங்கினால் வேம்பையே வைக்கலாம். கடப்பாரை இறங்கவே இல்லையென்றால் வீம்புக்கு வெட்ட வேண்டாம். வேம்பை வேறு குழிக்கு மாற்றிவிட்டு, ஈரம் தாங்கும் புங்கனையோ மருதத்தையோ எடுங்கள். குழியை முக்கால்வாசி மூடி, தரைக்கு மேல் ஓரடி உயரம், நாலடி அகலத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். இதற்காகவே இரண்டு வகையிலும் கூடுதல் கன்றுகள் வைத்திருப்போம்.

நடும்போது பாலித்தீன் பையைக் கிழித்து முழுதாக எடுத்துவிடுங்கள். அடியை மட்டும் கீறிவிட்டு அப்படியே வைப்பது போதாது. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் பிளேடால் பக்கத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள்; அந்த வேர் தானாக நேராகாது. எடுத்து வைத்த மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு எரு ஒரு சட்டி, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி கலந்தால் போதும். எருவைக் கொட்டிக் குவித்தால் அது மக்கி அமுங்க, கன்றும் கூடவே கீழே இறங்கித் தண்டு மண்ணுக்குள் புதையும். காய்ந்த சருகை அடியில் போடவே வேண்டாம், கரையானைக் கூப்பிடுவதாகும். மண்ணை அரையடிக்கு ஒரு தரம் காலால் மிதித்து, தண்டும் வேரும் சேரும் இடம் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வையுங்கள். இரண்டு சவுக்குக் கம்பை வேர்க்கட்டியில் படாமல் இருபுறமும் ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். ஆட்டுக்கு எட்டாத உயரத்துக்குக் கூண்டு கட்டாயம் வேண்டும். கூண்டுகள் ஞாயிறு காலை வந்துவிடும்.

வெயிலில் கடப்பாரை பிடிக்க முடியாத பெரியவர்கள் வர வேண்டாம் என்பதில்லை. குச்சியில் மட்டம் பார்ப்பது, மண் பிரித்து வைப்பது, கயிறு கட்டுவது எல்லாம் அவர்கள் கையில் நன்றாக வரும்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் வாரம் இரண்டு முறை, ஒரு கன்றுக்கு 20 லிட்டர் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். முதல் இரண்டு கோடையும் இது விடாமல் நடக்க வேண்டும். 24 கன்றுக்கும் வாரம் 960 லிட்டர் ஆகும். கன்றுக்கு எதிரே உள்ள வீட்டு ஆச்சிமார் இரண்டு குடம் ஊற்ற ஒப்புக்கொண்டால் டேங்கர் செலவே மிச்சம். நீங்கள் எந்தக் கன்றை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை வெள்ளி மாலைக்குள் சங்கப் பலகையில் எழுதிவிடுங்கள். யாரும் எழுதாத இடத்தில் இந்த முறை குழி வெட்டப் போவதில்லை.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கம்